தப்பு விடையை வகுத்துப் பாருங்கள்: மோல், செறிவுக் கணக்குகளுக்கு அட்டை தயாரிக்கும் முறை

மோல் கணக்கில் தப்பு விடை வந்தால் பெரும்பாலோர் அதை அடித்துவிட்டுச் சரியான விடையைப் பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். அடிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். வந்த விடை, வர வேண்டிய விடை இரண்டில் பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். 2 வந்தால் ஒரு காரணம், 1000 வந்தால் இன்னொரு காரணம், 1.40 வந்தால் வேறொரு காரணம். எங்கே வழுக்கினோம் என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் அட்டைகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான் அமைந்தவை.

இந்த விகிதத்துக்கு ஓர் எளிய விதி உண்டு. கணக்கில் பயன்படுத்த வேண்டிய ஓர் எண்ணை மறந்து விட்டுவிட்டால், தப்பின் விகிதம் அந்த எண்ணாகவே இருக்கும். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தாலோ, வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினாலோ, விகிதம் அந்த எண்ணின் வர்க்கமாக வரும். மி.லி-யை லிட்டராக மாற்ற மறந்தால் 1000. வகுப்பதற்குப் பதிலாக 1000-ஆல் பெருக்கினால் 10 லட்சம். வேதிச் சமன்பாட்டின் 2-ஐ மறந்தால் 2; தலைகீழாகப் போட்டால் 4. கீழே வரும் மூன்று அட்டைகளிலும் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

அட்டையில் என்ன எழுதுவது

உள்ளங்கை அளவுக்குக் கெட்டியான தாள் போதும். முன்பக்கம் கணக்கு, மேல் வலது மூலையில் விடை எந்த அலகில் வர வேண்டும் என்பது. ‘கிராம்’, ‘மோல்/லிட்டர்’ என்று அலகு கண்முன்னே இருந்தால், கணக்கை எந்தத் திசையில் கொண்டுபோவது என்பது பாதி தெரிந்துவிடும்.

பின்பக்கத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். கோட்டுக்கு மேலே விடைக்குப் போகும் வழி, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகோடு. கோட்டுக்குக் கீழே அந்தக் கணக்கில் வரக்கூடிய தப்பு விடைகள், அவற்றின் விகிதம், பக்கத்தில் ‘மேல்’ அல்லது ‘கீழ்’ என்ற சொல். சரியான விடையைவிடக் கூடுதலாக வந்தால் மேல், குறைவாக வந்தால் கீழ். தப்பு விடைகளை நீங்களே வேண்டுமென்றே தப்பாகக் கணக்குப் போட்டு எழுத வேண்டும். முதலில் இது வீண்வேலைபோலத் தோன்றும். ஆனால் அட்டை செய்வதில் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். சரியான வழியை எல்லாப் புத்தகமும் சொல்லிவிடுகிறது.

அட்டைக் கட்டின் முதல் அட்டையாக அலகு மாற்று அட்டவணை இருக்கட்டும். நீளமான அட்டவணை வேண்டாம். மோல், செறிவுக் கணக்குகளுக்கு இவ்வளவு போதும்:

| கையில் இருப்பது | வேண்டியது | செய்ய வேண்டியது |
|---|---|---|
| மி.லி | லிட்டர் | 1000-ஆல் வகுக்க |
| செ.மீ³ | மி.லி | அப்படியே |
| டெசி மீ³ | லிட்டர் | அப்படியே |
| மீ³ | லிட்டர் | 1000-ஆல் பெருக்க |
| மி.கி | கிராம் | 1000-ஆல் வகுக்க |
| மோல்/மீ³ | மோல்/லிட்டர் | 1000-ஆல் வகுக்க |
| கிராம்/மி.லி | கிராம்/லிட்டர் | 1000-ஆல் பெருக்க |
| மோல்/லிட்டர், மி.லி | மில்லிமோல் | இரண்டையும் பெருக்க |

இதில் இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, கன அலகுகள். 1 மீட்டருக்கு 10 டெசிமீட்டர். அதனால் 1 மீ³-க்கும் 10 டெசி மீ³ என்று கை தானாக எழுதிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அந்த 10 வருவதால் அது 1000. இந்தத் தப்பின் விகிதம் 100. மோல் கணக்கில் விகிதம் 100 வந்தால் முதலில் கன அலகைத்தான் சந்தேகப்படுவேன்.

இன்னொன்று, கடைசி வரி. மோல்/லிட்டரை மி.லி-யால் பெருக்கினால் மில்லிமோல் கிடைக்கும். ஒரு லிட்டரில் 0.1 மோல் என்றால் ஒரு மி.லி-யில் 0.1 மில்லிமோல். ஆய்வகத்தில் நாம் கையாள்வதெல்லாம் மி.லி கணக்கில் இருப்பதால், லிட்டருக்கு மாற்றாமல் மில்லிமோலிலேயே கணக்கை நடத்திவிடலாம். 1000-ஆல் வகுக்கும் வேலையே இல்லாவிட்டால் அதை மறப்பதற்கும் வழி இல்லை. தரம்பார்த்தல் கணக்குகள் எல்லாவற்றையும் நான் மில்லிமோலில்தான் போடுவேன்.

போகிறபோக்கில் ஒன்று. லிட்டரும் டெசி மீ³-உம் எப்போதுமே ஒன்றாக இருந்ததில்லை. 1901 முதல் 1964 வரை, ஒரு கிலோ நீர் அடைத்துக்கொள்ளும் கனஅளவு என்பதே லிட்டரின் வரையறை. அது டெசி மீ³-ஐவிட மயிரிழை கூடுதல், லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்கு. 1964-இல்தான் இரண்டும் ஒன்று என்று முடிவானது. நம் கணக்கில் இது எதையும் மாற்றாது.

முதல் அட்டை: எடை போடும் கணக்கு

முன்பக்கம்: 0.0500 மோலார் ஆக்சாலிக் அமிலக் கரைசல் 250 மி.லி தயாரிக்க, எத்தனை கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம் வேண்டும்? விடையின் அலகு: கிராம்.

இந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். அதை எடை போட்டுத் துல்லியமான செறிவில் கரைசல் தயாரிக்க முடியாது. அதனால் நம்பி எடை போடக்கூடிய ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு நியமக் கரைசல் தயாரித்து, அதை வைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவைக் கண்டுபிடிக்கிறோம். அடுத்த அட்டை இந்தக் கரைசலிலிருந்தே தொடரும்.

பின்பக்கம், கோட்டுக்கு மேலே:

0.0500 மோல்/லிட்டர் × 250 மி.லி = 12.5 மில்லிமோல் = 0.0125 மோல்
H₂C₂O₄·2H₂O-இன் மோலார் நிறை 126.07 கிராம்/மோல்
0.0125 மோல் × 126.07 கிராம்/மோல் = 1.576 கிராம்

கோட்டுக்குக் கீழே வருவோம். இந்தக் கணக்கில் நான் அதிகம் பார்க்கும் தப்பு விடை 1.125 கிராம். விகிதம் 1.40, கீழ். வாய்பாட்டில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகளை விட்டுவிட்டு 90.03-ஐ மோலார் நிறையாக எடுத்தால் இது வரும். 126.07-ஐ 90.03-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.40. கேள்வியில் ‘ஆக்சாலிக் அமிலம்’ என்று மட்டும் இருந்தால் மாணவர் நீரில்லாத வாய்பாட்டை எழுதிவிடுகிறார். புட்டியில் இருப்பது படிகம். நாம் எடை போடும்போது படிக நீரும் சேர்ந்தே தட்டில் விழுகிறது. இந்தத் தப்போடு 1.125 கிராம் எடுத்துக் கரைத்தால் உண்மையில் கிடைப்பது 0.0357 மோலார் கரைசல்தான். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அடுத்து 6.30 கிராம். விகிதம் 4, மேல். 0.0500-ஐ நேராக 126.07-ஆல் பெருக்கியிருக்கிறார்கள், ஒரு லிட்டருக்கான எடை அது. 250 மி.லி என்பது லிட்டரில் கால் பங்கு என்பதால் விகிதம் 4.

பிறகு 0.788 கிராம். விகிதம் 2, கீழ். இது மோலாரிட்டியையும் நார்மாலிட்டியையும் குழப்பிக்கொண்டதன் அடையாளம். ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு ஹைட்ரஜன்கள் வினைப்படுவதால் அதன் சமான நிறை 126.07-இல் பாதி, அதாவது 63.04. மோலார் கேட்ட இடத்தில் சமான நிறையைப் போட்டுவிட்டார்கள். இரண்டு முறையையும் ஒரே வாரத்தில் படித்தவர்களிடம் இது சகஜம். தொடக்கத்தில் நார்மாலிட்டி கணக்குகளை வேறு நிற அட்டையில் தனிக் கட்டாக வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக 1576 கிராம். விகிதம் 1000, மேல். கால் லிட்டர் குடுவைக்குள் ஒன்றரைக் கிலோ படிகம்! விடையை எழுதியதும் அதைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால் இந்தத் தப்பு தானாகவே மாட்டிக்கொள்ளும். 1000 விகிதத் தப்புகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை, அவை தாமே காட்டிக்கொடுத்துவிடும். 1.40-உம் 2-உம்தான் நல்லபிள்ளைபோல விடைத்தாளில் உட்கார்ந்திருக்கும்.

எடை போட்டபின் கரைசல் தயாரிக்கும் விதத்திலும் ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது. படிகத்தைக் குடுவையில் போட்டு 250 மி.லி நீரை அளந்து ஊற்றுவது சரியல்ல. கொஞ்சம் நீரில் கரைத்து, அளவுக் குடுவைக்கு மாற்றி, கழுத்தில் உள்ள கோடு வரை நீர் விட வேண்டும். மோலாரிட்டி என்பது கரைசலின் கனஅளவைப் பற்றியது, ஊற்றிய நீரின் அளவைப் பற்றியது அல்ல. இப்படி நீர்த்த கரைசலில் வித்தியாசம் மிகச் சிறிது. மூன்றாவது அட்டையில் இதே குழப்பம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும்.

இரண்டாவது அட்டை: தரம்பார்த்தல்

முன்பக்கம்: 0.0500 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20.0 மி.லி பிப்பெட்டில் எடுக்கப்பட்டது. ஃபினால்ஃப்தலீன் நிறம் மாறும் வரை பியூரெட்டிலிருந்து 19.6 மி.லி சோடியம் ஹைட்ராக்சைடு செலவானது. சோடியம் ஹைட்ராக்சைடின் மோலாரிட்டி என்ன? விடையின் அலகு: மோல்/லிட்டர்.

பின்பக்கத்தில் முதலில் சமன்பாட்டை எழுதுங்கள்:

H₂C₂O₄ + 2NaOH → Na₂C₂O₄ + 2H₂O

அமிலம்: 0.0500 × 20.0 = 1.00 மில்லிமோல்
காரம்: 1.00 × 2 = 2.00 மில்லிமோல்
செறிவு: 2.00 மில்லிமோல் ÷ 19.6 மி.லி = 0.102 மோல்/லிட்டர்

M₁V₁ = M₂V₂ என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இங்கே 0.0510 வரும். விகிதம் 2, கீழ். அந்தச் சூத்திரம் உண்மையில் சொல்வது ‘இந்தப் பக்கம் உள்ள மோல்களும் அந்தப் பக்கம் உள்ள மோல்களும் சமம்’ என்பதை மட்டும்தான். ஒரே கரைசலில் நீர் சேர்க்கும்போது அது எப்போதும் உண்மை, கரைபொருள் எங்கேயும் போவதில்லை. இரண்டு பொருட்கள் வினைபுரியும்போது அது 1:1 வினைக்கு மட்டும் பொருந்தும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் வைத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சூத்திரம் ஒரு முறையும் கைவிட்டதில்லை; அதனால்தான் ஆக்சாலிக் அமிலம் வரும்போது காலை வாரிவிடுகிறது. தரம்பார்த்தல் அட்டைகளில் இந்தச் சூத்திரத்தை எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி. அமிலத்தின் மில்லிமோல், சமன்பாடு சொல்லும் மடங்கு, காரத்தின் மில்லிமோல், இந்த மூன்று வரியே போதும்.

சமன்பாட்டைப் பார்த்தும் தலைகீழாகப் போட்டவர்களுக்கு 0.0255 வரும். 2-ஆல் பெருக்காமல் வகுத்திருக்கிறார்கள். விகிதம் 4, கீழ், 2-இன் வர்க்கம். மறந்தவருக்கும் தலைகீழாகப் போட்டவருக்கும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றல்ல. முன்னவர் சமன்பாட்டைப் பார்க்கவே இல்லை. பின்னவர் பார்த்தார், ஆனால் ‘ஒரு அமிலத்துக்கு இரண்டு காரம்’ என்பதை எந்தப் பக்கம் வைப்பது என்று தடுமாறினார். விகிதம் 2-ஆ 4-ஆ என்பது இவர்கள் இருவரையும் பிரித்துக்காட்டிவிடுகிறது. பின்னவருக்கு நான் சொல்லும் உத்தி: ‘எந்தப் பொருளுக்கு அதிக எண்ணிக்கை வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் மில்லிமோல் பெரிதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு தப்பு விடை 0.0980. கனஅளவுகள் இரண்டும் இடம் மாறிவிட்டன, 19.6-ஆல் பெருக்கி 20.0-ஆல் வகுத்திருக்கிறார்கள். விகிதம் 1.04, கீழ். 20.0-ஐ 19.6-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் அதுவேதான். இரண்டு கனஅளவுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தப்பும் சிறிதாக இருக்கிறது, கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. அட்டைக்கு எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கனஅளவை 20.0 என்றும் மற்றதை 13.4 என்றும் வைத்துப் பாருங்கள். இடம் மாறினால் விகிதம் 2.23 ஆகும், உடனே தெரிந்துவிடும். ஆனால் ஆய்வகத்தில் கிடைக்கும் எண்கள் அப்படி வசதியாக அமையாது. அதனால் 19.6 அட்டையும் இருக்கட்டும்.

எந்த அளவுக்குச் சிறிய விகிதத்தைத் தப்பு என்று எடுப்பது? 200-இல் ஒரு பங்குக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். குளோரினுக்கு 35.45 எடுத்தீர்களா, 35.5 எடுத்தீர்களா, இடையில் எங்கே முழுமையாக்கினீர்கள் என்பதிலேயே அந்த வித்தியாசம் வந்துவிடும். ஒரே ஒரு சிறிய விகிதத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: 1.013. வாயுக் கணக்கில் இது வந்தால், ஒரு மோல் வாயுவின் கனஅளவாக 22.4 லிட்டருக்கும் 22.7 லிட்டருக்கும் இடையே மாறிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டும் 0 டிகிரி செல்சியஸில்தான். முன்னது 1 வளிமண்டல அழுத்தத்தில், பின்னது 1 பாரில். திட்ட அழுத்தத்தை 1 பார் ஆக்கும் பரிந்துரை 1982-இல் வந்தது, ஆனால் பழைய எண்ணும் இன்றுவரை கேள்விகளில் புழங்குகிறது. கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துவிட்டு எண்ணை எடுங்கள்.

மூன்றாவது அட்டை: புட்டியின் மேல் இருக்கும் சதவீதம்

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியின் லேபிளில் மோலாரிட்டி பெரும்பாலும் இருக்காது. 37% என்றும், அடர்த்தி 1.19 கிராம்/மி.லி என்றும் இருக்கும். இதிலிருந்து மோலாரிட்டி காண்பது முன்பக்கக் கணக்கு. விடையின் அலகு: மோல்/லிட்டர்.

இங்கே 37% என்பது நிறை சதவீதம்: 100 கிராம் கரைசலில் 37 கிராம் HCl. மோலாரிட்டிக்கு வேண்டியதோ லிட்டர் கணக்கு. கிராமிலிருந்து லிட்டருக்குப் போகும் பாலம்தான் அடர்த்தி.

1 லிட்டர் கரைசலின் நிறை: 1000 மி.லி × 1.19 கிராம்/மி.லி = 1190 கிராம்
அதில் HCl: 1190 × 0.37 = 440.3 கிராம்
மோல்: 440.3 ÷ 36.46 = 12.08 மோல்

ஆக 12.1 மோல்/லிட்டர். கோட்டுக்குக் கீழே முதலில் 10.1 எழுதுங்கள். விகிதம் 1.19, கீழ். எண்ணைப் பார்த்தாலே புரிகிறது, அடர்த்தியை மறந்தாகிவிட்டது. ஒரு லிட்டர் கரைசல் ஒரு கிலோ என்று மனம் எடுத்துக்கொண்டது. நீருக்கு அது சரி, இந்த அமிலத்துக்குச் சரியல்ல. அடுத்தது 8.53. விகிதம் 1.42, கீழ், 1.19-இன் வர்க்கம். அடர்த்தியால் பெருக்குவதற்குப் பதில் வகுத்திருக்கிறார்கள். எண்களோடு அலகுகளையும் எழுதியிருந்தால் மி.லி-யைக் கிராம்/மி.லி-யால் வகுத்தபோது கிராம் வராது என்பது அங்கேயே தெரிந்திருக்கும். அலகில்லாமல் எண்களை மட்டும் எழுதுபவர்களிடம்தான் இந்த 1.42-ஐப் பார்க்கிறேன்.

மூன்றாவது தப்பு விடை 16.1. விகிதம் 1.33, மேல். இது கணக்குத் தப்பே இல்லை. கேட்காத கேள்விக்குச் சரியான பதில். 100 கிராம் கரைசலில் 37 கிராம் HCl போக மீதி 63 கிராம் நீர். 37-ஐ 36.46-ஆல் வகுத்தால் 1.015 மோல், அதை 0.063 கிலோ நீரால் வகுத்தால் 16.1 மோல்/கிலோ. அதாவது மோலாலிட்டி. ‘ரி’-க்கும் ‘லி’-க்கும் இடையிலான ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்று கரைசலின் லிட்டரைக் கேட்கிறது, மற்றது கரைப்பானின் கிலோவை. முதல் அட்டையில் சொன்ன குழப்பம் இதுதான். நீர்த்த நீர்க்கரைசலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வந்துவிடுவதால், மோலாலிட்டி அட்டைகளுக்கு எப்போதும் அடர்கரைசலையே எடுங்கள். 0.1 மோலார் கரைசலில் பயிற்சி எடுத்தால் குழப்பம் இருப்பதே தெரியாது.

இந்த 12.08-ஐ வைத்து நீர்த்தல் கணக்கும் போடலாம். 0.100 மோலார் அமிலம் 250 மி.லி வேண்டுமென்றால் 25.0 மில்லிமோல் வேண்டும், 25.0-ஐ 12.08-ஆல் வகுத்தால் 2.07 மி.லி. இங்கே ஒரே கரைசலில் நீர் சேர்ப்பதால் M₁V₁ = M₂V₂ தாராளமாகப் பொருந்தும். செய்முறையில் அமிலத்தைத்தான் நீரில் விட வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. அப்புறம், திறந்த புட்டியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால் லேபிளில் உள்ள 37%-ஐ நம்பிச் செய்த கரைசல் 0.100 ‘அளவில்’ இருக்கும், அவ்வளவுதான். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது அட்டையின் சோடியம் ஹைட்ராக்சைடை வைத்துத் தரம்பார்க்க வேண்டும்.

அட்டைகளை எப்படிப் புரட்டுவது

ஒரு டஜன் அட்டைகள் சேர்ந்ததும் பயிற்சியைத் தொடங்கலாம். முன்பக்கத்தைப் பார்த்துத் தனித்தாளில் கணக்கைப் போடுங்கள். தப்பு வந்தால் பின்பக்கத்தின் மேல்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு, கீழ்ப்பாதியில் உங்கள் விடை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இல்லையென்றால் விகிதத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பொருந்தும் எண் கணக்கில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, புதிய வரியாக அட்டையில் சேருங்கள்.

அட்டைகளைப் பாடவாரியாக அடுக்க வேண்டாம். உங்களுக்கு வந்த விகிதத்தின்படி அடுக்குங்கள்: சமன்பாட்டு எண்ணை மறந்தவை ஒரு கட்டு, அடர்த்தியில் வழுக்கியவை ஒரு கட்டு, கனஅளவில் சறுக்கியவை ஒரு கட்டு. எடை போடும் கணக்கிலும் வாயுக் கணக்கிலும் தரம்பார்த்தலிலும் ஒருவர் செய்வது ஒரே தப்பாக இருக்கலாம். பாடவாரியாக அடுக்கினால் அது தெரியாது.

புதிய அட்டை எழுதும்போது எண்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டில் 2 இருந்தால் கனஅளவுகளில் இன்னொரு 2 மடங்கு வரக் கூடாது. இதை நான் நல்ல விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாவது அட்டையின் தொடர்ச்சியாக இப்படி ஒரு கணக்கு எழுதியிருந்தேன்: ஒரு ஹைட்ரோகுளோரிக் அமில மாதிரியில் 10.0 மி.லி எடுத்து 250 மி.லி-க்கு நீர்த்தாகிவிட்டது. அதிலிருந்து 20.0 மி.லி-க்கு, முன்பு செறிவு கண்டுபிடித்த சோடியம் ஹைட்ராக்சைடு 18.5 மி.லி செலவானது. நீர்ப்பதற்கு முன் மாதிரியின் மோலாரிட்டி என்ன?

காரம் 0.102 × 18.5 = 1.887 மில்லிமோல். இது 1:1 வினை, எனவே 20.0 மி.லி நீர்த்த அமிலத்திலும் அதே 1.887 மில்லிமோல், செறிவு 0.0944. மாதிரி 25 மடங்கு நீர்க்கப்பட்டது, ஆக 2.36 மோல்/லிட்டர். இந்த 25-ஐ மறந்தால் 0.0944 வரும், விகிதம் 25. 250-ஓடு 10-ஐயும் கூட்டி 26 மடங்கு என்று எடுத்தால் 2.45, விகிதம் 1.04. ‘250 மி.லி-க்கு நீர்த்தல்’ என்றால் மொத்தமே 250 என்பதைக் கவனிக்காதவர்களுக்கு அது வரும்.

ஒரு மாணவி இந்தக் கணக்கை முதல் முயற்சியிலேயே 2.36 என்று போட்டாள். நானும் சரி என்று அட்டையைத் திருப்பி வைத்துவிட்டேன். மறுநாள் வேறு எண்களோடு அதே மாதிரிக் கணக்கில் விடை தப்பாக வந்தபோதுதான் முந்தைய நாள் தாளை எடுத்துப் பார்த்தேன். சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவை அவள் 0.0510 என்று எழுதியிருந்தாள், ஆக்சாலிக் அமிலத்தின் 2-ஐ மறந்து. அப்புறம் 18.5-ஆல் பெருக்கி 0.9435 மில்லிமோல் கண்டாள். அதை 20.0-ஆல் வகுக்காமல், கேள்வியில் முதலில் கண்ணில் பட்ட 10.0-ஆல் வகுத்தாள். முதல் தப்பு விடையைப் பாதியாக்கியது, இரண்டாவது தப்பு அதை இரண்டு மடங்காக்கியது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டு 0.0944-ஐச் சுத்தமாக விட்டுவைத்தன. விகிதம் 1.

அந்த அட்டையில் பிப்பெட்டின் அளவை 25.0 மி.லி என்று மாற்றினேன். இப்போது அதே இரண்டு தப்பையும் செய்தால் 2 கீழேயும் 2.5 மேலேயும் சேர்ந்து விகிதம் 1.25, மேல் என்று வரும். விடை சரியாக வந்தாலும் தாளில் உள்ள வழியை அட்டையின் மேல்பாதியோடு வரிக்கு வரி ஒத்துப்பார்ப்பது அன்றிலிருந்துதான் தொடங்கியது.